ஹெட்கவுன்ட் குறையுது, ஓப்பனிங் கூடுது: எதை நம்புவது?

கேள்வி: டெஸ்டிங்கில் ஆறு வருட அனுபவம் இருக்கிறது. நான் சேர நினைக்கும் ஐடி நிறுவனத்தில் ஊழியர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் அவர்களுடைய கேரியர்ஸ் பக்கத்தில் ஓப்பனிங்ஸ் மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. உண்மையில் ஆள் எடுக்கிறார்களா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு எண்ணையுமே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊழியர் எண்ணிக்கை குறைந்தாலும் ஆள் எடுப்பு நடந்துகொண்டிருக்கலாம். ஓப்பனிங் கூடினாலும் அது நின்றுபோயிருக்கலாம்.

முதலில் ஊழியர் எண்ணிக்கை. டிசிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் கடைசியில் அங்கே 6,14,795 பேர் இருந்தார்கள். 2024 மார்ச்சில் 6,01,546 பேர். 13,249 பேர் குறைவு என்பதுதான் அப்போது தலைப்புச் செய்தி. ஆனால் அந்த ஆண்டின் அட்ரிஷன், அதாவது தாங்களாக விலகியவர்களின் விகிதம், 12.5 சதவீதம். சராசரியாக 6.08 லட்சம் பேர் என்று வைத்தால், சுமார் 76,000 பேர் வெளியே போயிருக்கிறார்கள். அத்தனை பேர் போயும் குறைந்தது 13,000 பேர்தான் என்றால், மீதி 63,000 இடங்களுக்குப் புதிதாக ஆள் வந்திருக்க வேண்டும். கணக்கு இதுதான்:

```
சேர்ந்தவர்கள் = கடைசி எண்ணிக்கை − முதல் எண்ணிக்கை + விலகியவர்கள்
```

இதையே முந்தைய ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். 2022 மார்ச்சில் 5,92,195 பேர், 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் அட்ரிஷன் 20.1 சதவீதம். சேர்ந்தவர்கள் 1.44 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். ஆக, ஆள் எடுப்பு நிற்கவில்லை. ஆனால் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆள் எடுப்பின் வேகம் என்று நான் பார்ப்பது இந்த இறக்கத்தைத்தான். இது தோராயமான கணக்கு, ஏனென்றால் நிறுவனமே வெளியே அனுப்பியவர்கள் அட்ரிஷனில் வருவதில்லை. இன்னொன்று, அட்ரிஷன் பெரும்பாலும் கடந்த 12 மாதத்துக்கானதாகவே தரப்படும். அதைக் கொண்டு ஒரு காலாண்டுக்குக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

சரி, ஓப்பனிங்ஸுக்கு வருவோம். ஒரே வேலையைச் சென்னை, கோவை, பெங்களூரு என்று மூன்று விளம்பரமாகப் போடுவார்கள். பழையதையே தேதி மாற்றி மறுபடி ஏற்றுவார்கள். அதனால் விளம்பரத்தை எண்ணாமல், அதில் இருக்கும் ஜாப் ஐடியை எண்ணுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், எல்லா ஐடியையும் ஒரு ஷீட்டில் ஒட்டிவையுங்கள். போன வாரம் இல்லாதது புதுசு, போன வாரம் இருந்து இப்போது காணாதது மூடியது.

ஒரு உதாரணம். தொடக்கத்தில் 80 பதவிகள் திறந்திருக்கின்றன. முதல் நான்கு வாரத்தில் 20 புதுசு, 22 மூடியது: மீதி 78. அடுத்த நான்கில் 18 புதுசு, 10 மூடியது: 86. அதற்கடுத்த நான்கில் 12 புதுசு, 4 மூடியது: 94. பக்கத்தைப் பார்ப்பவருக்கு 80 என்பது 94 ஆகியிருக்கிறது, அமோகமாக ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே பார்த்தால் புதுப் பதவிகளும் குறைகின்றன, இருப்பவையும் நிரம்பவில்லை. இன்டர்வியூ முடித்துவிட்டு, ஆஃபருக்கு ஒப்புதல் வராமல் பலர் காத்திருப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான்.

மூடியது எல்லாம் நிரம்பியது என்றும் ஆகிவிடாது. வாரத்துக்கு இரண்டு மூன்றாக மறைந்தால் ஆள் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் ஒரு பிரிவின் முப்பது பதவிகள் மொத்தமாகக் காணாமல் போனால், அது பெரும்பாலும் ஃப்ரீஸ், ஆள் எடுப்பையே நிறுத்திவைத்திருப்பார்கள். அடுத்த காலாண்டு எண்ணிக்கை வரும்போது சரிபார்த்துவிடலாம். அப்புறம், எந்தக் காலாண்டையும் போன வருடத்தின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். கல்லூரி முடித்தவர்கள் கூட்டமாகச் சேரும் மாதங்கள் படத்தையே மாற்றிவிடும், அவர்கள் கேரியர்ஸ் பக்கம் வழியாக வருவதும் குறைவு.

பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் என்றால் காலாண்டு அறிக்கை கிடைக்காது. அதற்கு இபிஎஃப்ஓ தளத்தில் Establishment Search இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து View Payment Details போனால், எந்த மாதம் எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டினார்கள் என்று தெரியும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மூன்று பிஎஃப் கோடு இருக்கலாம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் பொதுவாக ஏஜென்சியின் கணக்கில்தான் இருப்பார்கள். பிஎஃப் கட்டுவது தாமதமானால் அந்த மாதம் சரிந்தது போலத் தெரியும், ஆகவே கடைசி மாதத்தை விட்டுவிட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு அந்த ஷீட்டில் டெஸ்டிங் பதவிகளின் ஐடிகள் மட்டும் தனியாக வேண்டும். மொத்த நிறுவனமும் வேகமாக எடுத்தாலும், டெஸ்டிங் ஐடிகள் 90 நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், இப்போது கையில் இருக்கும் வேலையை விடுவதற்கு முன் ஆஃபர் லெட்டர் கைக்கு வரட்டும்.