டொராண்டோ தமிழர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் சேவைக்கு விளம்பரம்: எந்த நேரம், எந்த நாணயம்?

கேள்வி: சென்னையிலிருந்து கூகுள் விளம்பரம் போடுகிறேன். டொராண்டோவில் மாலை 7 மணிக்குக் காட்ட என்ன நேரம் கொடுக்க வேண்டும்?

கணக்கின் நேர மண்டலம் என்பது, அந்தக் கணக்கு பார்க்கும் சுவர்க்கடிகாரம். உங்களுடையது இந்திய நேரத்தில் இருந்தால், பார்ப்பவர் எங்கிருந்தாலும் அட்டவணை அதன்படிதான் ஓடும். நம் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து கனடா அக்காவுக்கு போன் போட்டு, தூக்கத்தில் எழுப்பிவிடுவோமே, அதே கதைதான்.

கோடையில் இடைவெளி ஒன்பதரை மணி நேரம். அங்கே வெள்ளி மாலை 7 என்றால் இங்கே சனி அதிகாலை 4:30; அதைத்தான் கொடுக்க வேண்டும், கிழமையும் சேர்த்து. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்வைப்பார்கள், அப்புறம் 5:30. மாற்ற மறந்தால் விளம்பரம் 6 மணிக்கே, ஆள் வேலைவிட்டு வரும் வழியில், தொடங்கிவிடும்.

வாசகத்தில் கனடா டாலரையே எழுதுங்கள். அனுப்புபவர் கையில் இருப்பது அதுதான்.

கணக்கு ரூபாயில் இருப்பதால் கிளிக் மலிவாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, டொராண்டோ போட்டி விலைதான் ரூபாயில் பில்லாக வரும்.