பீட்ரூட் ஜூஸ் குடித்தால் பிபி வராதா?

கேள்வி: எனக்கு 38 வயசு, பிபி நார்மல்தான். தினமும் காலையில பீட்ரூட் ஜூஸ் குடிச்சா பிபி எப்பவுமே வராதுன்னு சொல்றாங்க. உண்மையா? குடிக்கலாமா?

குடித்த சில மணி நேரத்துக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். அது உண்மைதான். ஆனால் பிபி சரியாக இருக்கும் ஒருவருக்கு அது பிற்காலத்தில் வராமல் தடுக்கும் என்று காட்டிய சோதனை எதுவும் இல்லை. நான் 14 வருடமாக ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை செய்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். என் அண்ணனே இந்தப் பழக்கத்தில் இறங்கி, எனக்கு தினமும் வாட்ஸ்அப்பில் ரீடிங் அனுப்பினார். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அதற்கு முன் ஜூஸ் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பீட்ரூட்டில் இருப்பது நைட்ரேட். மண்ணில் இருந்து வேர் உறிஞ்சுகிற தழைச்சத்து இந்த வடிவத்தில்தான் அதில் சேர்ந்து கிடக்கிறது. நைட்ரேட்டால் நேரடியாக ரத்தக் குழாயை ஒன்றும் செய்ய முடியாது. குடித்ததும் அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கும். அதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து, திரும்ப வாய்க்கே கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த உமிழ்நீரை நாம் விழுங்கும்போது நைட்ரைட் மறுபடி வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் சேர்ந்து, நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துவது அந்த நைட்ரிக் ஆக்சைடுதான். அதனால்தான் ஜூஸ் குடித்த உடனே எதுவும் தெரியாது; இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிபி அதிகமாக இறங்கியிருக்கும்.

இந்த வாய்வழிச் சுற்று வெறும் ஊகம் இல்லை. லண்டனில் அம்ரிதா அலுவாலியா குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் கொடுத்தார்கள். மேல் அளவு சுமார் 10 பாயிண்ட் இறங்கியது. பிறகு அதே ஜூஸைக் குடித்துவிட்டு, மூன்று மணி நேரம் உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். ரத்தத்தில் நைட்ரைட் ஏறவில்லை, பிபியும் இறங்கவில்லை. ஜூஸ் முழுதாக வயிற்றில் இருந்தும், எச்சில் உள்ளே போகாததால் வேலை நடக்கவில்லை. இந்த ஒரு சோதனையை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் புரியும்.

இப்போது அண்ணன் கதை. அவருக்கு 41 வயது, மாத்திரை எதுவும் கிடையாது. காலை ஏழு மணிக்கு வாக்கிங் முடித்து மாடி ஏறி வந்ததும் பிபி பார்ப்பார்: 128/82. ஒரு டம்ளர் ஜூஸ். ஒன்பதரைக்கு மறுபடி பார்த்தால் 117/76. "பாரும்மா, பதினோரு பாயிண்ட்!" என்று மெசேஜ் வரும். நான் அவரிடம், "அண்ணா, நாளைக்கு ஒரு நாள் ஜூஸ் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் அப்படியே செய்" என்றேன். ஜூஸ் இல்லாத அன்றைக்கும் 127 என்பது 119 ஆகத்தான் வந்தது. நடந்து, படி ஏறி வந்த உடனே பார்த்தது முதல் ரீடிங். இட்லி சாப்பிட்டு, பேப்பர் படித்து, உட்கார்ந்து எழுந்தபின் பார்த்தது இரண்டாவது. இறங்கியதில் பெரும்பகுதி ஓய்வின் வேலை.

அதன் பிறகு ஒழுங்காக அளந்தோம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை, நெஞ்சு உயரத்துக்கு மேசை மேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங் எடுத்து அவற்றின் சராசரியைக் குறிக்க வேண்டும். தினமும் காலை ஏழுக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை. இரண்டு வாரம் ஜூஸ் இல்லாமல், இரண்டு வாரம் 250 மில்லி ஜூஸோடு. ஜூஸ் இல்லாத வாரங்களில் பத்து மணிச் சராசரி 120/78. ஜூஸ் குடித்த வாரங்களில் 117/76. மறுநாள் காலை ஏழு மணி ரீடிங்கில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பதினோரு பாயிண்ட் என்று நினைத்தது மூன்றாக நின்றது. அந்த மூன்றுகூட ஜூஸால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் குடிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆய்வுகளில் இதற்காகவே, நைட்ரேட்டை மட்டும் வடித்து நீக்கிய, அதே நிறமும் ருசியும் உள்ள பீட்ரூட் ஜூஸை மற்றொரு குழுவுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் அதைச் செய்ய வழியில்லை.

ஒரே ஒருவருடைய கணக்குத்தான் இது. இருந்தாலும் பெரிய படமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. 2013-ல், 16 சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. மேல் அளவு சராசரியாக 4.4 பாயிண்டும் கீழ் அளவு 1.1 பாயிண்டும் குறைந்தன. ஆனால் அந்த 16-லும் சேர்த்து ஆட்கள் 254 பேர்தான். மிக நீண்ட சோதனை 15 நாள். பதினைந்து நாளை வைத்துக்கொண்டு, உங்களுக்கு 55 வயதில் பிபி வருமா வராதா என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்கனவே பிபி உள்ளவர்களிடம் நிலைமை வேறு. அதே லண்டன் குழு 2015-ல் வெளியிட்ட சோதனையில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 68 பேரில் பாதிப் பேர் தினமும் 250 மில்லி ஜூஸ் நான்கு வாரம் குடித்தார்கள். மேல் அளவு சுமார் 8 பாயிண்ட் இறங்கியது. நான்கு வாரமும் அந்த இறக்கம் நின்றது. நிறுத்தியபின் இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியது. ஏறி நிற்கும் பிபிக்கு இறங்க இடம் இருக்கிறது. ஆரோக்கியமான ரத்தக் குழாயின் உட்சுவரோ தனக்கு வேண்டிய நைட்ரிக் ஆக்சைடைத் தானே செய்துகொள்கிறது. கொஞ்சம் இறங்கினாலும் இதயத் துடிப்பையும் குழாய் இறுக்கத்தையும் சரிசெய்து உடம்பு அதைப் பழைய அளவுக்கு இழுத்துவிடுகிறது. 118/76 இருக்கும் ஒருவருக்கு 114 ஆவதால் என்ன கிடைக்கும்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

அண்ணன் விஷயத்தில் பிறகு ஒன்று நடந்தது. ஈறு வீங்கி பல் டாக்டரிடம் போனார். அவர் வாய்க் கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களிலும் ஜூஸ் குடித்தார். பத்து மணி ரீடிங் 121/78. துப்பிய சோதனையை நினைத்துப் பாருங்கள்: இங்கே எச்சில் உள்ளே போகிறது, ஆனால் அதை மாற்ற வேண்டிய பாக்டீரியா செத்துவிட்டது. 2013-ல் 19 ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய ஆய்வில், இந்த வகை மவுத்வாஷை ஒரு வாரம் பயன்படுத்தியபோது, ஜூஸ் எதுவும் குடிக்காமலே பிபி 2 முதல் 3.5 பாயிண்ட் வரை ஏறியது. அதாவது தினச் சாப்பாட்டில் உள்ள கீரையும் காயுமே சத்தமில்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. பல் டாக்டர் எழுதிக் கொடுத்த நாட்களுக்கு அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். வாசனைக்காக கிருமிநாசினி மவுத்வாஷை வருடக்கணக்கில் கொப்பளிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஜூஸில் இன்னொரு சிக்கல், அளவு. 2015 சோதனையில் கொடுத்த 250 மில்லியில் சுமார் 400 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நம் சந்தையில் வாங்கும் கிழங்கில் எவ்வளவு என்பது மண்ணையும் போட்ட உரத்தையும் பொறுத்தது. ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். நாக்கில் வைத்தோ நிறத்தைப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. சிவப்பு நிறம் வேறு ஒரு சத்து, நைட்ரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை மட்டும் நிச்சயம்: வடிகட்டிய ஒரு பெரிய டம்ளரில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும், நார் வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

உங்களுக்கு பீட்ரூட் பிடிக்கும் என்றால் பொரியலாகச் சாப்பிடுங்கள். நைட்ரேட் தண்ணீரில் கரையும். வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பங்கு சிங்க்கில் போய்விடும். துருவி, கடுகு தாளித்து, கைத்தெளிப்புத் தண்ணீரோடு மூடி வேகவைத்தால் எதுவும் வீணாகாது. கிழங்கோடு வரும் இலையைக் கிள்ளி எறியாமல் கீரையாகக் கடையுங்கள். அதிலும் நைட்ரேட் உண்டு.

ஜூஸே வேண்டும் என்றாலும் வாரத்தில் சில நாள் ஒரு சிறிய டம்ளர் குடிப்பதில் ஆரோக்கியமான ஒருவருக்குக் கெடுதல் இல்லை. அரைத்த உடனே குடித்துவிடுங்கள். வெளியே பல மணி நேரம் கிடந்தால் அந்தப் பாக்டீரியா வேலை டம்ளரிலேயே நடந்து நைட்ரைட் சேரும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. அடுத்த நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். பத்தில் ஒருவருக்காவது அப்படி வரும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாளாகியும் அந்த நிறம் மறையாவிட்டால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

ஆக்சலேட் வகை சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் குடிக்கக் கூடாது. பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும். பிபி மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். ஜூஸ் குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு 180-ல் வந்து நின்ற ஒருவரை எங்கள் ஓ.பி.யில் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதே அவரை நினைத்துத்தான்.

அண்ணன் இப்போது ஜூஸை விட்டுவிட்டார். மாதத்தில் இரண்டு நாள் மட்டும், வாக்கிங் போகும் முன் உட்கார்ந்து பிபி பார்க்கிறார். போன வாரம் 119/77.