கொற்கைப் பலகையிலிருந்து பாடத்தைத் தொடங்குவது: கேள்வி பதில்

(ஒன்பதாம் வகுப்புக்குப் பழங்கால வணிகப் பாதைகள் பாடத்தைக் கடைசி மதிப்பீட்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது பற்றி ஆசிரியர்களும் மற்றவர்களும் கேட்டவை. பதில் சொல்வது ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வரலாறு நடத்தும் பட்டதாரி ஆசிரியர்.)

பாளையங்கோட்டை ஆசிரியை: பின்னாலிருந்து திட்டமிடுங்கள் என்று எச்.எம். சொல்கிறார். கேள்வித்தாளை முதலில் எழுதிவிட்டு அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதானே இது? அது தப்பில்லையா அண்ணாச்சி?

கேள்வி மோசமாக இருந்தால் தப்புதான் டீச்சர். "முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம் எது?" என்று ஒரு தாளை எழுதிவிட்டு அதற்குப் பழக்கினால், வருவது மனப்பாடம் மட்டுமே. அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பாடம் முடிந்தபின் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. தெரிந்திருக்கிறது என்று நாம் நம்ப அது எதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது இரண்டாவது. அதற்கு எத்தனை பீரியட், எந்த வரிசையில் என்பது கடைசியாகத்தான் வரும். நாம் பழக்கத்தில் இந்தக் கடைசியை முதலில் செய்கிறோம். பாடநூலைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து பாடக்குறிப்பு எழுதுகிறோம்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். அப்போது வேலை பார்த்த பள்ளியில், இதே பாடத்துக்கு உலக வரைபடத்தில் வணிகப் பாதை வரையச் சொன்னேன். வண்ண வண்ணமாக வரைந்து வந்தார்கள். ஒரு பையன் 20க்கு 19 வாங்கினான். அவனிடம் சும்மா கேட்டேன்: "எகிப்திலிருந்து வந்த கப்பல் ஏன்டா உடனே திரும்பிப் போகாமல் மாதக்கணக்கில் இங்கே கிடந்தது?" முழித்தான். காற்று மாறுவது பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் மேல் பிழையில்லை. என் மதிப்பீடு அவனிடம் அதைக் கேட்கவே இல்லை.

இந்த முறையை வகுத்த விக்கின்ஸும் மெக்டைக்கும் இரண்டு சோதனைகள் சொல்கிறார்கள். பாடம் புரியாமலேயே ஒரு பிள்ளை இந்த வேலையை நன்றாகச் செய்துவிட முடியுமா? நன்றாகப் புரிந்திருந்தும் ஒரு பிள்ளை இதில் தோற்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு "முடியும்" என்று வந்தாலும் வேலையை மாற்ற வேண்டும். என் வரைபடம் இரண்டிலுமே தோற்றது. கை வராத, ஆனால் காற்றைப் பற்றித் தெளிவாகப் பேசுகிற ஒரு பெண் அதில் 11தான் வாங்கியிருந்தாள்.

தென்காசி ஆசிரியர்: சரி, நீங்கள் இப்போது கொடுக்கும் கடைசி மதிப்பீட்டை அப்படியே காட்டுங்கள் சார்.

கொற்கை ஊர் முகப்பில் வைக்க ஒரு தகவல் பலகை எழுத வேண்டும், 80 சொற்களுக்குள். ஐந்து ஆதாரச் சீட்டுகள் கொடுப்பேன். பலகையோடு ஒரு தனித்தாளும் வேண்டும். பலகையின் எந்த வரிக்கு எந்தச் சீட்டு ஆதாரம், எந்தச் சீட்டை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன் என்று அதில் எழுத வேண்டும்.

முதல் சீட்டில் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளஸின் குறிப்பு: குமரியைத் தாண்டிய கொல்கியில், அதாவது நம் கொற்கையில், முத்துக் குளிப்பு நடக்கிறது, தண்டனை பெற்ற கைதிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள், அது பாண்டிய நாட்டுக்கு உரியது. இரண்டாவது, மதுரைக்காஞ்சியில் "விளைந்து முதிர்ந்த விழுமுத்தின்" என்று தொடங்கி "நற்கொற்கையோர்" என்று வரும் அடிகள். மூன்றாவது, யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயர்வதைச் சொல்லும் அகநானூறு 149. நான்காவது, எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடு. அதில் தமிழ் பிராமியில் "பானை ஒறி" என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவது, இன்றைய வரைபடம். கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது, தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது.

இதில் மூன்றும் நான்கும் வேண்டுமென்றே வைத்தவை. இரண்டும் உண்மையான, அருமையான ஆதாரங்கள். ஆனால் கொற்கையைப் பற்றியவை அல்ல. பானை ஓடு தமிழ் பேசியவர்கள் அங்கே இருந்ததைக் காட்டுகிறது. அவர்கள் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள் என்று அது சொல்லவில்லை.

சங்கரன்கோவில், தமிழாசிரியர்: அகம் 149ஐ ஒதுக்கச் சொல்வது சரியில்லை. அந்தப் பாட்டில் பாண்டியன் செழியன் வருகிறான். பாண்டியன் துறைமுகம் கொற்கை. பிள்ளை அதை எழுதினால் மார்க் போட வேண்டியதுதானே?

செழியன் வருகிறான், அதில் நீங்கள் சொல்வது சரி ஐயா. ஆனால் எதற்கு வருகிறான்? யவனர் கலம் வருவது சேரர்க்குரிய பேரியாற்றில், "வளங்கெழு முசிறி"க்கு. செழியன் அந்த முசிறியை முற்றுகையிடுகிறான். ஆகப் பொன்னும் மிளகும் கைமாறியது மேற்குக் கரையில். பாண்டியன் பெயர் இருப்பதால் பாட்டு முழுவதையும் கொற்கைக்குத் தூக்கி வந்தால் ஆதாரம் இடம் மாறிவிடும்.

ஆனாலும் உங்கள் கேள்வியால் என் மதிப்பெண் அளவீட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஒரு பிள்ளை "இது முசிறியைப் பற்றியது, ஆனால் பாண்டியனுக்கு அந்த வணிகத்தில் கண் இருந்தது என்று இதிலிருந்து சொல்லலாம்" என்று எழுதினால் முழு மதிப்பெண். பாட்டை வெறுமனே ஒதுக்கிய பிள்ளையைவிட அது ஒரு படி மேலே யோசித்திருக்கிறது.

வள்ளியூர் ஆசிரியை, முதல் வருடம்: மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறீர்கள் சார்? எனக்கு 42 பிள்ளைகள்.

மொத்தம் 20க்குள் வைத்துக்கொள்கிறேன் மேடம். பலகைக்கு 8, தனித்தாளுக்கு 12. தனித்தாளுக்குத்தான் எடை அதிகம், அங்கேதான் யோசனை தெரியும். 42 தாளையும் முழுதாகத் திருத்த முடியாது என்று தோன்றினால் தனித்தாளை முதலில் படியுங்கள். "ஏன் ஒதுக்கினேன்" என்ற ஒரு பத்தியைப் படித்தாலே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். "இடம் போதவில்லை" என்று எழுதியிருந்தால் புரியவில்லை. "அந்தப் பாட்டு வேறு ஊரைச் சொல்கிறது" என்றிருந்தால் புரிந்திருக்கிறது. கையெழுத்துக்கும் படத்துக்கும் மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தென்காசி ஆசிரியர்: மறுபடியும் நான்தான். இதிலிருந்து பீரியட்களை எப்படிப் பின்னோக்கிப் பிரிப்பது?

எட்டு பீரியட் என்று வையுங்கள் சார். ஏழும் எட்டும் பலகை எழுத. அதற்கு முன் ஆறாவதில் ஒரு ஒத்திகை வேண்டும், ஆனால் கொற்கையை வைத்துச் செய்யக் கூடாது. நான் முசிறியை எடுப்பேன். அகம் 149 அங்கே சரியான ஆதாரமாக வரும். அதே பாட்டு மறுநாள் கொற்கைச் சீட்டுகளுக்குள் வரும்போது, "யவனர் பாட்டு என்றால் ஆதாரம்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். எந்த ஊர் என்று பார்க்கப் பழகிய பிள்ளை நிற்கும். ஒத்திகையையும் தேர்வையும் ஒரே ஊரில் வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

ஒத்திகைக்குச் சீட்டு படிக்கத் தெரிய வேண்டும், அது நான்கும் ஐந்தும். யார் சொன்னது, எங்கிருந்து, எந்த ஊரைப் பற்றி, எதைச் சொல்லாமல் விட்டது என்ற நான்கு கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்குவேன். சீட்டுகள் பேசும் பொருள் புரிய வேண்டுமே, அதற்கு இரண்டும் மூன்றும்: காற்றும் சரக்கும். முதல் பீரியடில் பலகை வேலையையே காட்டிவிடுவேன். எதற்காகப் படிக்கிறோம் என்பது அவர்களுக்கு அன்றே தெரிய வேண்டும்.

இப்படிப் பிரித்தால் சிலது வெளியே போகும். பட்டுப்பாதைக்கு என் திட்டத்தில் மூன்றாவது பீரியடில் கால் மணி நேரம்தான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

உவரி பக்கத்து ஆசிரியை: என் வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். காற்றைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். இரண்டாவது பீரியடில் நான் என்ன செய்ய?

நீங்கள் பேச வேண்டாம் டீச்சர், அவர்கள் பேசட்டும். கச்சான் எப்போது அடிக்கும், வாடை எப்போது தொடங்கும், எந்தக் காற்றில் கடலுக்குப் போவதில்லை என்று கேட்டுக் கரும்பலகையில் பன்னிரண்டு மாதமும் எழுதுங்கள். அதன் பக்கத்தில் பெரிப்ளஸ் சொல்வதை வையுங்கள்: முசிறிப் பக்கம் வர விரும்பும் கப்பல் எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். என் பையன் முழித்த கேள்விக்கு உங்கள் பிள்ளைகள் பாடநூலைத் திறக்காமலே பதில் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பீரியடைப் பாதியில் முடித்து, மிச்ச நேரத்தைச் சீட்டு படிக்கக் கொடுங்கள். தென்காசிப் பக்கம் என்றால் குற்றாலச் சாரலிலிருந்து தொடங்கலாம். காற்று அதேதான்.

ஒரு பெற்றோர், பேட்டை: என் பொண்ணுக்கும் இந்தப் பாடம்தான். கப்பல் மாடல் செய்ய தெர்மோகோல் வாங்கவா, அட்டை போதுமா?

மாடல் கேட்டிருப்பது உங்கள் பள்ளி டீச்சர், அவரிடம் கேட்பதுதான் சரி அம்மா. என் வகுப்பில் மாடல் கிடையாது. வீட்டில் உதவ வேண்டும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொற்கைக்குக் கூட்டிப் போங்கள். "துறைமுகம் என்கிறார்கள், கடல் எங்கே?" என்று அவளே கேட்கட்டும். ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை தள்ளிப் போனதும், பிற்காலத்தில் வணிகம் காயல் துறைமுகத்துக்கு மாறியதும் அந்தக் கேள்வியிலிருந்தே வரும்.

நாங்குநேரி ஆசிரியர்: சிவகளை, ஆதிச்சநல்லூர் எதுவுமே உங்கள் சீட்டுகளில் இல்லையே? நம்ம மண்ணின் பெருமை அதுதானே?

எனக்கும் அந்த இரண்டு ஊர் மேல் பிரியம் அதிகம் சார், தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன். ஆனால் இந்தப் பலகையின் கேள்வி, கொற்கையின் கடல் வணிகம் பற்றி என்ன சொல்லலாம் என்பது. சிவகளையின் இரும்பும் நெல்லும் வேறு கேள்விக்கான ஆதாரங்கள். அதற்கு வேறு பாடம், வேறு கடைசி வேலை வைத்துக்கொள்ளலாம். பிடித்ததையெல்லாம் உள்ளே கொண்டுவந்தால் எட்டு பீரியட் பதினைந்தாகும், பலகை எழுத நேரமே இருக்காது.

பாளையங்கோட்டை ஆசிரியை: எல்லாம் சரி அண்ணாச்சி. தொகுத்தறித் தேர்வில் வருவது ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகள்தானே. பட்டுப்பாதையிலிருந்து கேள்வி வந்தால் என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை டீச்சர். நான் திருப்புதல் வாரத்தில் ஒரு பீரியட் எடுத்து, விட்டுப்போனதைக் குறுவினாவாகவே நடத்துகிறேன். அது மனப்பாடம்தான், அப்படியில்லை என்று சொல்ல மாட்டேன். தொகுத்தறித் தாளை நாம் எழுதாதவரை இந்த இழுபறி இருக்கும்.

சங்கரன்கோவில், தமிழாசிரியர்: முத்துக் குளித்தவர்கள் கைதிகள் என்கிறது உங்கள் பெரிப்ளஸ். மதுரைக்காஞ்சியோ நற்கொற்கையோர் என்கிறது. பிள்ளை எதைப் பலகையில் எழுதினால் சரி?

இரண்டில் எதை எழுதினாலும், யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினால் சரி ஐயா. பெரிப்ளஸ் மேற்குக் கரையை விரிவாகச் சொல்லும், குமரியைத் தாண்டினால் சுருங்கிவிடும். கிழக்குக் கரைச் செய்தியை அவர் பிறரிடம் கேட்டு எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். மதுரைக்காஞ்சியோ பாண்டியனைப் பாடும் பாட்டு, அவன் ஊர்க்காரர்களை நல்லவர்கள் என்றுதான் சொல்லும். போன வருடம் ஒரு பெண் எழுதினாள்: "வெளியிலிருந்து எழுதியவர் கைதிகள் என்கிறார், அரசனைப் பாடிய புலவர் நல்லவர்கள் என்கிறார், முத்து எடுத்தவர்கள் தங்களைப் பற்றி எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை." 80 சொல் வரம்பைத் தாண்டிவிட்டாள். 20க்கு 20 போட்டேன்.