முதல் மெயிலில் வீடியோ லிங்க்: பார்ப்பவர் இல்லை

"ஓசூர் ரோடு பக்கத்து சின்ன கம்பெனிகளுக்கு பேரோல் மென்பொருள் விற்கிறேன். முதல் மெயிலிலேயே லூம் வீடியோ லிங்க் வைக்கிறேன். மெயிலைத் திறக்கிறார்கள், பதிலே இல்லை. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பிப் பார்க்கட்டுமா?"

வாய்ஸ் நோட் வேண்டாம். வீடியோவை இரண்டாவது மெயிலுக்குத் தள்ளுங்கள். முதல் மெயிலில், "உங்கள் வேலை விளம்பரத்தில் மூன்று ஷிப்ட் என்று இருந்தது. ஓவர்டைம் கணக்கை எப்படிப் போடலாம் என்று ஒரு நிமிட வீடியோவில் காட்டட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். "சரி" என்றவருக்கு அதே வீடியோ உதவியாக இருக்கும்.

அறிமுகமில்லாதவர் அனுப்பும் லிங்க் மோசடி மாதிரியே தெரியும். அந்த வீடியோவில் மெயில் பெறுபவரின் வெப்சைட்டும் உங்கள் முகமும் இருந்தால், நம்மை நோட்டம் விடுகிறார்களோ என்றும் தோன்றும்.

லூமில் வியூ எண்ணிக்கையைப் பாருங்கள். மெயில் திறந்த எண்ணிக்கையை நம்பாதீர்கள். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். ஆப்பிள் மெயில் 2021 முதல் படங்களைத் தானே முன்கூட்டி இறக்குவதால், படிக்காததும் படித்ததாகக் காட்டும். வியூ இல்லையென்றால் தடை லிங்க்தான். பார்த்தும் பதில் இல்லையென்றால் வீடியோவின் தொடக்கத்தை மாற்றுங்கள்.

ஏற்கெனவே போனில் பேசியவருக்கு வாய்ஸ் நோட் சரி. அப்போதும் விலை, தேதியை எழுத்தில் தாருங்கள். ஆபீஸில் இயர்போன் இல்லாமல் அவரால் கேட்க முடியாது.