கோழிகளை அழிக்கப் போனவர்களுக்குக் கண் ஏன் சிவக்கிறது?

கேள்வி: பறவைக்காய்ச்சல் வந்த பண்ணையில் கோழிகளை அழிக்கப் போகிறவர்களுக்கே நோய் தொற்றுகிறதாமே, எப்படி? அப்படியென்றால் எதற்காக எல்லாக் கோழிகளையும் அழிக்க வேண்டும்? முகக்கவசம் போட்டால் போதாதா?

போதாது. பண்ணைத் தொழிலாளிகளிடம் இந்த வைரஸ் அடிக்கடி முதலில் தலைகாட்டும் இடம் கண். நான் கால்நடை மருத்துவர். பண்ணை ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும்போது நான் அதிக நேரம் பேசுவது கண்ணைப் பற்றித்தான்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் அதன் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃப்ளூ வைரஸ் ஒட்டுவது சயாலிக் அமிலம் என்ற சர்க்கரைத் துணுக்கின் மேல். இந்தத் துணுக்கு செல்லின் மேல் இரண்டு விதமாகப் பிணைந்திருக்கும். பறவைகளின் குடலில் இருப்பது ஒரு விதம், நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது மற்றது. அதனால்தான் பறவைக்காய்ச்சல் மனிதருக்குச் சுலபமாக வருவதில்லை, வந்தாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொடர்ந்து பரவுவதில்லை. ஆனால் பறவை விதமான பிணைப்பு நம் உடலிலும் இரண்டு இடங்களில் நிறைய இருக்கிறது: நுரையீரலின் அடி ஆழத்திலும், கண்ணின் வெண்படலத்திலும். ஆழத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்தான நிமோனியா வரலாம். கண்ணோ திறந்தே கிடக்கிறது.

2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற பறவைக்காய்ச்சல் வகை பரவியபோது சுமார் 3 கோடிப் பறவைகளை அழித்தார்கள். தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்குக் கண் அழற்சி மட்டுமே இருந்தது. பண்ணைக்குப் போய்வந்த கால்நடை மருத்துவர் ஒருவர் நிமோனியாவில் இறந்துபோனார்.

2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். வெல்ட் கவுண்டியில் சுமார் 18 லட்சம் முட்டைக்கோழிகள் இருந்த பண்ணைக்கு எச்5என்1 என்ற இன்னொரு வகை வந்தது. கோழிகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய வண்டிகளில் போட்டு அழித்தார்கள். கொட்டகைக்குள் வெப்பம் 40 டிகிரி. தாங்க முடியாமல் பெரிய மின்விசிறிகளை ஓடவிட்டார்கள். அவை இறகையும் தூசியையும் கிளப்பி எல்லார் முகத்திலும் அடித்தன. வியர்வையில் கண்கவசமும் முகக்கவசமும் நழுவிக்கொண்டே இருந்தன. அந்த மாதம் அங்கே இரண்டு பண்ணைகளில் வேலைசெய்த 9 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானோருக்குக் கண்தான் சிவந்தது. நல்லவேளை, யாரையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரவில்லை.

இதில் தொழிலாளிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்த வெப்பத்தில் முழு உடை அணிந்து மணிக்கணக்கில் யாராலும் நிற்க முடியாது. ஆளைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும், வெயில் ஏறும்முன் வேலையை முடிக்க வேண்டும், மூடிய கொட்டகைக்குள் வாயுவையோ நுரையையோ செலுத்தி கோழியைக் கையால் தொடும் வேலையையே குறைக்க வேண்டும். பாதுகாப்பு உடை என்பது இவ்வளவையும் செய்த பிறகு வரும் கடைசி அரண்.

சரி, அழிக்காமல் விட்டால்? சாதாரண ஃப்ளூ வைரஸின் ஒட்டும் புரதத்தை வெட்டித் தயார்செய்யும் நொதி, கோழியின் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. தீவிர வகை எச்5, எச்7 வைரஸ்களின் புரதத்தையோ எல்லா உறுப்பிலும் உள்ள நொதி வெட்டிவிடும். அதனால் மூளை, இதயம் என்று உடல் முழுக்கப் பெருகி, சில நாட்களில் கொட்டகையே காலியாகிவிடும். ஆக, காத்திருந்தாலும் கோழிகள் பிழைப்பதில்லை. அதுவரை எச்சத்திலும் எச்சிலிலும் வைரஸ் கொட்டிக்கொண்டே இருக்கும். பெருகும் ஒவ்வொரு முறையும் நகலில் பிழை விழுகிறது. வைரஸின் பிபி2 என்ற புரதத்தின் 627ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பாலூட்டிகளின் செல்லில் வேகமாகப் பெருகும் திறன் வந்துவிடலாம். அந்த வாய்ப்புகளை வெட்டுவதற்குத்தான் நோய் உறுதியானதும் ஓரிரு நாளுக்குள் அழிக்கச் சொல்கிறார்கள். ஹாங்காங்கில் 1997இல் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். ஆண்டு முடிவில் அங்கிருந்த 10 லட்சத்துக்கும் அதிகமான கோழிகளையும் சில நாட்களில் அழித்தார்கள். அத்தோடு மனிதத் தொற்று நின்றது.

அணிய வேண்டியவை: காற்றுத் துளை இல்லாத, முகத்தோடு ஒட்டி நிற்கும் கண்கவசம் (சாதாரண மூக்குக்கண்ணாடி உதவாது), முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற என்-95, கையுறை, முழு உடை, பூட்ஸ். பலர் கோட்டைவிடுவது கழற்றும்போது. அழுக்கான கையுறையோடு கண்கவசத்தைத் தொட்டால் போட்டதே வீண். கையுறையையும் உடையையும் கழற்றி, கையைக் கழுவிய பிறகே கண்கவசம், அதன்பின் முகக்கவசம், மறுபடி கைகழுவல்.

வேலை முடிந்து 10 நாட்கள் வரை கண் சிவப்பு, உறுத்தல், காய்ச்சல், இருமல் எது வந்தாலும் கோழிப்பண்ணையில் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வைரஸை அடக்கும் ஓசல்டாமிவிர் மாத்திரையை அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலைசெய்யும். மூக்கில் மட்டும் மாதிரி எடுத்தால் கண்ணில் இருக்கும் வைரஸ் தப்பிவிடலாம், அதனால் கண்ணிலிருந்தும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.