பழைய ரன்னையும் புதிய ரன்னையும் ஒரே கிராஃபில் வைக்கலாமா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மொழி மாடலுக்குப் பயிற்சி கொடுத்தேன். வேலிடேஷன் லாஸ் 2.31-ல் முடிந்தது. இப்போது ஆப்டிமைசரை மாற்றி ஓட்டினால் 2.24 வருகிறது. கான்ஃபிக் கோப்பு, கிராஃப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நடுவில் நிரல் பலமுறை மாறிவிட்டது, பேட்ச் சைஸும் 32-லிருந்து 64 ஆகிவிட்டது. இந்த 0.07 குறைந்தது என் மாற்றத்தால்தானா? இனிமேல் எதைப் பதிவு செய்து வைத்தால் இந்தக் குழப்பம் வராது?

பதில்: இப்போதைக்கு அந்த 0.07-ஐ நம்ப வேண்டாம். பழைய செக்பாயிண்ட் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை ஏற்றி, இன்றைய மதிப்பீட்டு நிரலை வைத்து, இன்றைய வேலிடேஷன் தரவில் ஒருமுறை லாஸ் கணக்கிடுங்கள். சில நிமிட வேலைதான். 2.31-க்குப் பதிலாக 2.26 வந்தால், வித்தியாசத்தில் 0.05 உங்கள் அளவுகோல் மாறியதால் வந்தது, மீதி 0.02-தான் மாடலுடையது. 2.31-ஏ திரும்ப வந்தால் அளவுகோல் மாறவில்லை என்று அர்த்தம். அப்புறம்தான் ஆப்டிமைசரைப் பற்றிப் பேச முடியும்.

மாடலில் ஒரு எடை கூட மாறாமல் லாஸ் எப்படி மாறும்? பெரும்பாலும் சராசரி எடுக்கும் விதத்தில்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வேலிடேஷனில் இரண்டே பேட்ச். முதலாவதில் 1000 டோக்கன், சராசரி லாஸ் 2.0. இரண்டாவதில் 200 டோக்கன், சராசரி லாஸ் 3.2. இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2.6 வரும். டோக்கன் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தால் மொத்த லாஸ் 2000 + 640 = 2640, அதை 1200-ஆல் வகுத்தால் 2.2. இரண்டையும் கிராஃபில் `val_loss` என்றுதான் எழுதியிருப்போம். பேடிங் அளவோ, வாக்கியங்களை அடுக்கும் முறையோ, மதிப்பீட்டின் பேட்ச் சைஸோ மாறினாலே முதல் வகைச் சராசரி நகர்ந்துவிடும். நீங்கள் 32-ஐ 64 ஆக்கியபோது மதிப்பீட்டின் பேட்ச் சைஸும் சேர்ந்து மாறியிருக்கலாம். அதைக் கட்டாயம் பாருங்கள்.

பயிற்சிப் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. கிரேடியன்ட் அக்யூமுலேஷன் செய்யும்போது ஒவ்வொரு சிறு பேட்சின் சராசரியையும் எடுத்து அவற்றின் சராசரியைக் கணக்கிடுவதும், எல்லா டோக்கன்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பதும் ஒன்றல்ல. ஹக்கிங் ஃபேஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நூலகத்தில் இந்தப் பிழை 2024 அக்டோபரில் திருத்தப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் அதே கான்ஃபிக்கோடு, அக்யூமுலேஷன் போட்டு ஓட்டிய இரண்டு ரன்கள் ஒரே பாதையில் போகவேண்டும் என்பதில்லை. கான்ஃபிக்கை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அதில் ஒரு எழுத்துகூட மாறாமல் கணக்கு மாறியிருக்கிறது.

பழைய செக்பாயிண்டை மறுபடி மதிப்பிடும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. பயிற்சி, வேலிடேஷன் பிரிப்பை ஓடும் நேரத்தில் ரேண்டம் சீட் வைத்துச் செய்கிறீர்களா? சீட் 42 என்று நிலையாக இருந்தாலும், தரவில் சில வரிகள் கூடியிருந்தால் கலைக்கும் வரிசையே மாறிவிடும். அன்று பயிற்சியில் இருந்த வரிகள் இன்று வேலிடேஷனில் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய மாடல் அவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டது, அதனால் அதன் லாஸ் பொய்யாகக் குறைந்து தெரியும். இந்தச் சந்தேகம் இருந்தால், இரண்டு ரன்களிலும் வேலிடேஷனாகவே இருந்த வரிகளை மட்டும் எடுத்து மதிப்பிடுங்கள். இனிமேல் பிரிப்பை ஒவ்வொரு வரியின் அடையாள எண்ணை ஹேஷ் செய்து தீர்மானியுங்கள். அப்போது தரவு எவ்வளவு வளர்ந்தாலும் பழைய வரி அதே பக்கத்தில்தான் இருக்கும்.

சரி, இனி கிராஃபின் கீழ் அச்சுக்கு வருவோம். உங்கள் இரண்டு ரன்களையும் ஸ்டெப்பை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் புதியது ஆரம்பத்திலிருந்தே அபாரமாகத் தெரியும். வாக்கிய நீளம் 512 டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000-ஆவது ஸ்டெப்பில் பழைய ரன் 16.4 கோடி டோக்கன்களைப் பார்த்திருக்கும், புதியது 32.8 கோடியைப் பார்த்திருக்கும். இரண்டு மடங்கு படித்த மாடல் முன்னால் நிற்பதில் வியப்பில்லை. அதனால் ஸ்டெப்போடு சேர்த்து அதுவரை பார்த்த டோக்கன் எண்ணிக்கையையும், படங்கள் என்றால் படங்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். பின்னால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நடுவில் பேட்ச் சைஸை மாற்றிய ரன்னில் அந்தக் கணக்கு வராது.

டோக்கனை வைத்து வரைந்தாலும் கிராஃபின் நடுப்பகுதி ஏமாற்றும். கோசைன் முறையில் லேர்னிங் ரேட் குறையும் ரன்னில், அது எங்கே பூஜ்ஜியத்தைத் தொடும் என்பதை மொத்த நீளம்தான் தீர்மானிக்கிறது. மொத்தம் 33 கோடி டோக்கனோடு முடியும் ரன் அந்தப் புள்ளியில் லேர்னிங் ரேட்டை ஏறத்தாழ பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்திருக்கும். 66 கோடி வரை போகும் ரன் அதே இடத்தில் உச்ச ரேட்டில் பாதியில் இருக்கும். ரேட் குறையும்போது லாஸ் சட்டென்று இறங்குவது வழக்கம், ஆகவே குட்டை ரன் அங்கே நன்றாகத் தெரிவது அதன் திறமையால் அல்ல. நீளம் வேறான இரண்டு ரன்களின் நடுப்பகுதியை ஒப்பிடவே கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, லேர்னிங் ரேட்டையும் லாஸ் பக்கத்திலேயே பதிவு செய்வதுதான்.

நான் பரிந்துரைக்கும் பதிவு வரி இப்படி இருக்கும்:

```json
{"step": 10000, "tokens": 327680000, "lr": 0.00015,
 "val_loss_sum": 4512300.5, "val_tokens": 2051136, "eval_ver": 3}
```

இதில் சராசரி லாஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். மொத்த லாஸும் டோக்கன் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கின்றன. வகுத்தால் 2.20 வரும், அதை வரையும்போது செய்துகொள்ளலாம். கூட்டுத்தொகையை வைத்திருந்தால் பிறகு எந்த அலகுக்கும் மாறலாம். நாளைக்கு டோக்கனைசரை மாற்றினால் டோக்கன் ஒன்றுக்கான லாஸ் ஒப்பிட உதவாது, ஏனென்றால் டோக்கனின் நீளமே வேறு. அப்போது அதே கூட்டுத்தொகையை வேலிடேஷன் உரையின் பைட் எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டு ரன்களும் மறுபடி ஒரே அலகுக்கு வந்துவிடும். `eval_ver` என்பது மதிப்பீட்டு நிரலையோ தரவையோ தொடும்போதெல்லாம் நீங்கள் கையால் ஒன்று கூட்டும் எண். இரண்டு ரன்களில் அந்த எண் வேறாக இருந்தால் மறுமதிப்பீடு செய்யாமல் ஒரே கிராஃபில் வைக்காதீர்கள். இந்த எண்களை மென்மையாக்காமல் மூல வடிவிலேயே கோப்பில் சேமியுங்கள். டென்சர்போர்டு போன்றவை திரையில் காட்டும்போது கோட்டை மென்மையாக்கும், புள்ளிகளைக் குறைத்தும் காட்டும். ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைப் பதிவாகக் கருத முடியாது.

ஹைப்பர்பாராமீட்டர் விஷயத்தில் மிகச் சுலபமாகத் தப்பிப்போவது, நாம் எழுதாமல் விட்ட இயல்பு மதிப்புகள்தான். நீங்கள் ஆப்டிமைசரை மாற்றியதாகச் சொல்கிறீர்கள். பைடார்ச்சில் `Adam`-ஐ எடுத்துவிட்டு `AdamW` போட்டிருந்தால், `weight_decay` பூஜ்ஜியத்திலிருந்து 0.01 ஆகியிருக்கும். உங்கள் கான்ஃபிக்கில் அந்தப் பெயரே இருக்காது. அதனால் கான்ஃபிக் கோப்பை நகலெடுப்பதோடு நிறுத்தாமல், எல்லாம் உருவான பிறகு நிஜமாக ஓடப்போகும் மதிப்புகளை எழுதி வையுங்கள். ஆப்டிமைசரின் `param_groups`-இல் இருப்பதை அப்படியே எடுக்கலாம், அதில் உள்ள எடைப் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு.

நிரல் பதிப்புக்குக் கமிட் எண் மட்டும் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் பரிசோதனை செய்கிறவர்கள் கமிட் செய்யாமல் இரண்டு வரி மாற்றி ஓட்டுவது அன்றாடம் நடப்பது. ரன் தொடங்கும் இடத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள்:

```bash
git rev-parse HEAD > "$RUN/commit.txt"
git diff --binary HEAD > "$RUN/changes.patch"
git ls-files --others --exclude-standard > "$RUN/untracked.txt"
pip freeze > "$RUN/packages.txt"
```

இதை ரெப்போவின் ரூட் ஃபோல்டரிலிருந்து ஓட்ட வேண்டும். மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். `git diff`, கிட்டில் இன்னும் சேர்க்காத புதிய கோப்புகளைக் காட்டாது. புது லாஸ் ஃபங்ஷனை ஒரு புதுக் கோப்பில் எழுதி இறக்குமதி செய்திருந்தால், பிறகு `changes.patch`-ஐப் போட்டுப் பார்க்கும்போது அந்தக் கோப்பே இருக்காது. அந்தப் பட்டியலில் `.py` கோப்பு ஏதாவது வந்தால் ரன்னைத் தொடங்கவே விடாதபடி செய்வது நல்லது.

இன்னொன்று: கமிட் எண்ணைக் குறித்து வைத்தும் கமிட் காணாமல் போகலாம். கிளையை ஸ்குவாஷ் செய்து இணைத்து, பழைய கிளையை அழித்துவிட்டால், எதிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளைக் கிட் சில வாரங்களில் துடைத்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கையில் நாற்பது எழுத்து எண் இருக்கும், அதற்குப் பின்னால் நிரல் இருக்காது. பாதுகாக்க வேண்டிய ரன்னுக்கு ஒரு டேக் போட்டு அதைப் புஷ் செய்துவிடுங்கள்.

பழைய செக்பாயிண்ட் உங்களிடம் இல்லையென்றால் இருக்கும் வழி ஒன்றுதான்: பழைய அமைப்பை, அதே பழைய ஆப்டிமைசரும் பேட்ச் 32-ம் வைத்து, இன்றைய நிரலில் மறுபடி ஓட்டுவது. முழு நீளத்துக்கு வசதி இல்லாவிட்டால் இரண்டு அமைப்புகளையும் நான்கில் ஒரு பங்கு நீளத்துக்கு, லேர்னிங் ரேட் அட்டவணையையும் அதற்கேற்பச் சுருக்கி, அடுத்தடுத்து ஓட்டுங்கள். முழு நீள முடிவை அது உறுதி செய்யாது, ஆனால் நிரலும் தரவும் ஒன்றாக இருக்கும் நியாயமான ஒப்பீடு கிடைக்கும்.

எந்த வழியில் போனாலும், ஒரே அமைப்பை மூன்று சீட்களில் ஓட்டி முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். 2.23, 2.25, 2.27 என்று வந்தால், மறுமதிப்பீட்டில் மிஞ்சிய 0.02 அந்தச் சிதறலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஆப்டிமைசர் உதவியது என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை. சிதறல் 0.005-க்குள் இருந்தால், அதே 0.02-ஐ மாற்றத்தின் பலன் என்று எழுதலாம். அப்போதும், பேட்ச் சைஸும் சேர்ந்து மாறியிருப்பதால், பேட்ச் 64-ல் பழைய ஆப்டிமைசரோடு ஒரு ரன் ஓட்டின பிறகுதான் பலன் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியும்.