பதவிப் பெயர் சின்னதாக இருந்தால் ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

வணக்கம். ஐடி சேவை நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பதவி இன்னும் அசோசியேட்தான். பதினைந்து பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வீர்களா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரெஸ்யூமேயை இரண்டு முறை படித்தேன். நான்காவது ப்ராஜெக்டில் "இன்வால்வ்ட் இன் இன்வாய்ஸ் ஆட்டோமேஷன்" என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில்தான் உங்கள் உண்மையான ரெஸ்யூமே இருக்கிறது. அந்த வரியை இப்படி மாற்றுங்கள்:

"மாதம் 400 இன்வாய்ஸ்களைச் சரிபார்க்க இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. யாரும் சொல்லாமல் நானே இதை எடுத்துக்கொண்டேன். கணக்குப் பிரிவில் இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்து, பைதான் ஸ்கிரிப்ட் எழுதி, 8 வேலை நாளில் ஓடவிட்டேன். வெளிநாட்டு நாணய இன்வாய்ஸ்களை முதல் கட்டத்தில் சேர்க்கவில்லை. இப்போது ஒருவருக்கு அரை நாள் போதும். 14 மாதமாகப் பராமரிப்பதும் நான்தான்."

சிறிய நிறுவனத்தில் இதைப் படிப்பவர் பெரும்பாலும் நிறுவனரே. இந்த ஆள் இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்குமா என்றுதான் அவர் பார்ப்பார். "இன்வால்வ்ட் இன்", "ரெஸ்பான்சிபிள் ஃபார்" இரண்டும் அதற்குப் பதில் சொல்லாது. "யாரும் சொல்லாமல்" என்பதும் "14 மாதமாக" என்பதும் சொல்லும். எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்தவரும், உடைந்தால் எழுந்து வந்து சரிசெய்தவரும் ஒன்றல்ல.

வேகத்துக்கு 8 நாள் என்ற எண் மட்டும் போதாது. எதை விட்டுவிட்டு அந்த 8 நாளில் முடித்தீர்கள் என்பதும் வேண்டும். நாணய விஷயத்தை ஒதுக்கியது உங்கள் முடிவு. அனுபவமுள்ளவர் அந்த ஒரு வாக்கியத்தில் நின்று படிப்பார்.

பல வேலை தெரியும் என்று காட்ட நீங்கள் அடுக்கியிருக்கும் 22 தொழில்நுட்பப் பெயர்களை எடுத்துவிடுங்கள். டெஸ்டர் ஒருவர் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தார், அப்புறம் ஸ்கிரிப்டும் எழுதினார் என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது. இதே மாதிரி இன்னும் இரண்டு சம்பவங்கள் எழுதுங்கள். "டீம் சைஸ் 14" போன்ற ப்ராஜெக்ட் அட்டவணைகள் போனால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நேர்காணலில் இந்த வரியை வைத்தே மூன்று நான்கு கேள்விகள் தோண்டிக் கேட்பார்கள். முதல் மாதம் பைசா வித்தியாசங்களையெல்லாம் பிழை என்று ஸ்கிரிப்ட் காட்டியதாக எழுதியிருந்தீர்களே, அதை மறைக்காமல் சொல்லுங்கள். சர்வரில் ஏற்றித் தந்தது உங்கள் நண்பர் என்றால் அவர்தான் என்று சொல்லுங்கள். செய்யாததை "நான்" என்று எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவது கேள்வியில்தான்.

பதவியை "லீட்" என்று மாற்றத் தோன்றும், வேண்டாம். அனுபவச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பார்கள். அசோசியேட் என்றே, நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, சம்பவங்களை அதற்குக் கீழே எழுதுங்கள்.